தவணை திணறும்போது காலத்தை நீட்டுவதா, கையிருப்பைக் கட்டுவதா?

கேள்வி: "வீட்டுக்கடன் 24 லட்சம் பாக்கி. ஃப்ளோட்டிங் ரேட், 9%. இன்னும் 15 வருஷம், மாதம் 24,340 ரூபாய். மனைவிக்கு நாலு மாசம் முன்னாடி வேலை போயிடுச்சு, மாசம் 6,000 ரூபாய் துண்டு விழுது. ஒரு பர்சனல் லோனும் ஓடுது: 14%, மாசம் 5,380, இன்னும் 2 வருஷம். எஃப்டி-யில் 3 லட்சம் இருக்கு. அதை வீட்டுக்கடனில் பார்ட் பேமென்ட்டா கட்டலாமா, இல்ல லோன் காலத்தை 20 வருஷமா நீட்டச் சொல்லலாமா? வயசு 39."

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். எஃப்டி-யிலிருந்து பர்சனல் லோனை முடித்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். வீட்டுக்கடனில் முதலில் வட்டி விகிதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் துண்டு விழுந்தால் காலத்தை நீட்டுங்கள். வீட்டுக்கடனில் பார்ட் பேமென்ட் கட்டுவது கடைசியில்தான் வரவேண்டும். வங்கியின் கடன் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தவணை திணறுகிற வீட்டில் கையிருப்பை மொத்தமாகக் கடனில் போட்டவர்கள்தான் ஆறு மாதம் கழித்து இன்னும் மோசமான நிலையில் என் மேசைக்கு வந்தார்கள்.

ஒருவரை இன்னும் மறக்கவில்லை. அச்சகத்தில் வேலை செய்தவர். சீட்டு எடுத்த பணம் 4 லட்சத்தைக் கொண்டுவந்து வீட்டுக்கடன் கணக்கில் கட்டினார். கவுண்டரில் ரசீது கொடுத்தோம், சந்தோஷமாகப் போனார். அடுத்த மாதம் பாஸ்புக்கோடு வந்து நின்றார். "நாலு லட்சம் கட்டினேனே சார், இந்த மாசமும் அதே தொகையைப் பிடிச்சிருக்காங்களே?" பென்சிலால் வட்டம் போட்டிருந்தார், பழைய தவணைக்கு ஒரு வட்டம், புதுத் தவணைக்கு ஒரு வட்டம். இரண்டும் ஒரே எண். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. அவர் கட்டிய பணம் கடன் முடியும் தேதியை வருஷக்கணக்கில் முன்னால் கொண்டுவந்திருந்தது. ஆனால் அவருக்கு அந்த மாதம் தேவைப்பட்டது சில ஆயிரம் ரூபாய் மூச்சுவிடும் இடம். அது கிடைக்கவில்லை. பணம் கட்டும்போது "தவணை குறைய வேண்டுமா, காலம் குறைய வேண்டுமா" என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்றாவது மாதம் தவணை பவுன்ஸ் ஆனது. மனைவியின் வளையலை வைத்து நகைக்கடன் எடுத்துக் கட்டினார்.

பெரும்பாலான இடங்களில் வழக்கம் இதுதான். பார்ட் பேமென்ட் செய்தால் தவணைத் தொகை மாறாது, காலம் குறையும். நீங்கள் எழுதிக் கேட்டால்தான் காலம் அப்படியே இருந்து தவணை குறையும். உங்கள் எண்களை வைத்தே இரண்டையும் பார்க்கலாம். 3 லட்சத்தைக் கட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தால், பாக்கி 21 லட்சம், தவணை அதே 24,340. கடன் 180 மாதத்துக்குப் பதிலாக சுமார் 140 மாதத்தில் முடியும். வட்டியில் ஏறக்குறைய 6.9 லட்சம் மிச்சம். காகிதத்தில் இதைவிட நல்ல முடிவு இல்லை. ஆனால் மாதத் துண்டு ஒரு ரூபாய்கூடக் குறையாது, கையிலும் காசு இருக்காது. தவணையைக் குறைக்கச் சொன்னால் அது 21,300 ஆகும். மாதம் 3,040 ரூபாய் மிச்சம். உங்கள் 6,000 துண்டில் பாதி. இந்த 3,040-க்காக நீங்கள் கொடுத்தது 3 லட்சம். அந்தப் பணம் மாத மிச்சமாகவே திரும்பிவர எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. (ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் என்றால் கதை வேறு. அதில் போட்ட உபரிப் பணத்தைத் திரும்ப எடுக்கலாம். உங்களுடையது அந்த வகையா என்று ஒருமுறை பாருங்கள். அப்படியானால் பர்சனல் லோனை முடித்த பிறகு மிஞ்சும் எஃப்டி பணத்தை அதில் போட்டு வைப்பதே லாபம்.)

இப்போது அதே எஃப்டி-யை பர்சனல் லோன் பக்கம் திருப்புங்கள். 14 சதவீதம், 24 தவணை பாக்கி, மாதம் 5,380 என்றால் இன்றைய அசல் பாக்கி 1,12,000 ரூபாய் அளவில் இருக்கும். முன்கூட்டி முடிக்க ஒரு கட்டணம் கேட்பார்கள். வீட்டுக்கடனைப் போல இதற்கு விலக்கு இல்லை, பர்சனல் லோன் பொதுவாக நிலையான வட்டியில் இருப்பதால். 3 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி-யும் என்று வைத்தால் 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஆக மொத்தம் 1,16,000. கட்டண விகிதம் உங்கள் சாங்ஷன் லெட்டரில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த 1,16,000-க்கு மாதம் 5,380 ரூபாய் பாரம் இறங்குகிறது. வீட்டுக்கடனில் போட்ட ஒவ்வொரு லட்சமும் மாதம் ஆயிரம் ரூபாய்தான் இறக்கும், இங்கே ஒரு லட்சம் 4,600 ரூபாய்க்கு மேல் இறக்குகிறது. உங்கள் துண்டு 6,000-லிருந்து 620 ஆகிவிடும். எஃப்டி-யில் 1,84,000 மிச்சம் இருக்கும். அது ஏழு மாத வீட்டுக்கடன் தவணைக்கு மேல்.

கடன் கட்டத் திணறுகிறவர்கள் மொத்த வட்டிச் செலவை மட்டும் பார்த்து எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று முடிவு செய்கிறார்கள். நீங்களும் வட்டிச் செலவை நினைத்துத்தான் பெரிய கடனைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தவணை இறுக்கும்போது பார்க்க வேண்டிய எண் வேறு: கையிலிருந்து போகும் ஒரு லட்சத்துக்கு மாதத்தில் எத்தனை ரூபாய் இறங்குகிறது? இந்தக் கணக்கில் முடியப்போகிற சின்னக் கடன் எப்போதும் முன்னால் நிற்கும், ஏனென்றால் அதன் தவணையில் பெரும்பகுதி அசல். உங்கள் விஷயத்தில் வட்டியும் அதிகம் என்பதால் யோசிக்கவே வேண்டாம். எஃப்டி-யைக் காலத்துக்கு முன்னால் உடைத்தால் வட்டியில் அரையோ ஒன்றோ சதவீதம் பிடிப்பார்கள், அது பெரிய தொகை இல்லை. மொத்தமும் ஒரே ரசீதாக இருந்தால், பகுதியாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் முழுதும் உடைத்து மிச்சத்தை இரண்டு மூன்று சின்ன ரசீதுகளாகப் போடுங்கள், அப்புறம் ஒரு அவசரத்துக்கு முழுவதையும் கலைக்க வேண்டியிருக்காது.

பர்சனல் லோனை முடித்ததும் தடையில்லாச் சான்று, அதாவது நோ டியூஸ், வாங்காமல் விடாதீர்கள். அடுத்த மாதத் தவணை தானாகப் பிடிக்கப்படாமல் இருக்க மேண்டேட்டையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். முடிந்த கடனுக்குத் தவணை பிடித்துவிட்டு மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்ததையெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வாரத்தில் வீட்டுக்கடன் தவணைக்குப் பணம் இல்லாமல் போனால் தண்டனை உங்களுக்குத்தான்.

சரி, வீட்டுக்கடனுக்கு வருகிறேன். காலத்தை நீட்டுவதற்கு முன்னால் 9 சதவீதத்தைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரிக்கு முன் 6.50 ஆக இருந்தது, அந்த வருஷம் டிசம்பரில் 5.25 ஆனது. 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவற்றின் வட்டி மாற வேண்டும். அப்படிப்பட்ட கடனுக்கு இந்த இறக்கம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தைய, வங்கியின் சொந்த நிதிச் செலவை வைத்து வட்டி போடும் எம்சிஎல்ஆர் கடனோ, ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் சொந்த விகிதத்தில் ஓடும் கடனோ என்றால் இறக்கம் முழுதாக வந்திருக்காது. கிளைக்குப் போய் "என் கடன் எந்த பெஞ்ச்மார்க்கில் ஓடுகிறது, அதன்மேல் ஸ்பிரெட் எவ்வளவு" என்று கேளுங்கள். புது வாடிக்கையாளருக்குத் தரும் விகிதத்துக்கு மாற ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள். 9 என்பது 8 ஆனால் அதே 15 வருஷத்துக்குத் தவணை 22,940 ஆகிறது. மாதம் 1,400 ரூபாய், ஒரு மாதம்கூட நீட்டாமல்.

இதிலும் அந்த அச்சகக்காரருக்கு நடந்தது நடக்கலாம். வட்டி குறையும்போது வங்கிகள் பெரும்பாலும் தவணையை விட்டுவிட்டுக் காலத்தைக் குறைக்கின்றன. 2022 மே-யிலிருந்து 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.50 ஏறியபோது அதற்கு நேர்மாறாக நடந்தது. தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருந்தவர்களின் கடன் காலம் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் நீண்டது. உங்கள் கடன் முதலில் எத்தனை வருஷத்துக்கு எழுதப்பட்டது, இப்போது எப்போது முடிகிறது என்று கூட்டிப் பாருங்கள். 15 வருஷம் பாக்கி என்பது ஏற்கெனவே ஒருமுறை நீட்டப்பட்ட 15 ஆகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் இன்னொருமுறை நீட்ட இடம் குறைவு.

இப்போது காலநீட்டிப்பு. இதைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் ஒரே ஒரு பயமுறுத்தும் எண்ணைக் காட்டுவார்கள், அதை உங்களுக்கும் முதலில் காட்டிவிடுகிறேன். 15 வருஷத்தை 20 ஆக்கினால் தவணை 21,590. மாதம் 2,750 மிச்சம். கடைசிவரை இப்படியே கட்டினால் மொத்தத்தில் 8 லட்சம் கூடுதலாகப் போகும். 25 வருஷம் ஆக்கினால் மிச்சம் 4,200, கூடுதல் 16.6 லட்சம். 30 வருஷம் என்றால் மிச்சம் 5,030, கூடுதல் 25.7 லட்சம். முதல் ஐந்து வருஷ நீட்டிப்பில் மாதம் 2,750 கிடைத்தது, கடைசி ஐந்து வருஷ நீட்டிப்பில் 830 ரூபாய்தான். நீட்ட நீட்டப் பலன் தேய்கிறது.

ஏன் தேய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் நிலையை நீங்களே எடைபோட முடியும். 24 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 18,000 ரூபாய். நீங்கள் இப்போது கட்டும் 24,340-இல் அந்த 18,000 வட்டிக்குப் போக, மீதி 6,340 அசலுக்குப் போகிறது. காலத்தை எத்தனை வருஷம் நீட்டினாலும் வட்டிப் பங்கைத் தொட முடியாது, அந்த 6,340-இல்தான் கைவைக்க முடியும். அதனால் ஒரு வீட்டில் மாதத் துண்டு, தவணையில் உள்ள அசல் பங்கை நெருங்கிவிட்டால், காலநீட்டிப்பு அந்த வீட்டைக் காப்பாற்றாது. உங்கள் 6,000 ஏறக்குறைய அந்த விளிம்பில் நிற்கிறது. பர்சனல் லோன் இல்லாமல், வீட்டுக்கடன் ஒன்றினாலேயே இந்தத் துண்டு விழுந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்: வாடகைக்கு விடுவது, வீட்டை நீங்களே நல்ல விலைக்கு விற்பது என்று. வங்கி ஏலத்துக்குக் கொண்டுபோகும் வரை காத்திருந்தவர்களுக்கு நல்ல விலை கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த 8 லட்சத்தைக் கண்டு பயந்து காலநீட்டிப்பையே ஒதுக்கிவிடாதீர்கள். அந்தத் தொகை காலத்தை நீட்டுவதற்கான விலை இல்லை. நீட்டியதை இருபது வருஷமும் அப்படியே விட்டுவைப்பதற்கான விலை. உங்கள் மனைவிக்கு இரண்டு வருஷத்தில் மறுபடி வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதம் 21,590 கட்டியிருப்பீர்கள். பழைய தவணையையே கட்டியிருந்தால் இருந்திருக்கும் பாக்கியைவிட உங்கள் பாக்கி 72,000 ரூபாய் அதிகமாக இருக்கும். இந்த 24 மாதத்தில் நீங்கள் கட்டாமல் மிச்சம் பிடித்தது 66,000. ஆக இரண்டு வருஷ மூச்சுக்கு நீங்கள் கொடுத்த வட்டி 6,000 ரூபாய். அன்று அந்த 72,000-ஐக் கட்டிவிட்டுப் பழைய தவணைக்குத் திரும்பினால் கதை அதோடு முடிந்தது. அவ்வளவு பணம் சேரவில்லை, பழைய தவணைக்கு மட்டும் திரும்ப முடிகிறது என்றாலும் கடன் முதலில் முடிய வேண்டிய தேதியைவிடப் பத்து மாதம் தள்ளித்தான் முடியும். கூடுதல் செலவு 1.75 லட்சம். எட்டு லட்சம் எங்கே, இது எங்கே. பார்ட் பேமென்ட்டுக்குச் சரியான நேரமும் இதுதான். வருமானம் திரும்பிய பிறகு, கையில் ஆறு மாதத் தவணை பத்திரமாக இருக்கும்போது, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கக் கட்டுவது. ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனில் தனிநபருக்கு முன்கூட்டிக் கட்டுவதற்குத் தண்டம் கிடையாது என்பதால் பத்தாயிரம் சேர்ந்தாலும் கட்டலாம். குறைந்தபட்சத் தொகை இவ்வளவு என்று சில இடங்களில் வைத்திருப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்புவதுதான் இதில் கஷ்டமான பகுதி. காலத்தை நீட்டியவர்களில் பலர் வருமானம் வந்த பிறகு தவணையை ஏற்ற வரவில்லை. குறைந்த தவணை பழகிவிடும், அந்த 2,750-க்குப் புதிதாக ஒரு செலவு முளைத்துவிடும். நீட்டும் அன்றே ஒரு தேதி வையுங்கள். மனைவியின் முதல் சம்பளம் வந்த மாதம் என்றோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டி முடித்த மாதம் என்றோ. அந்த மாதம் கிளைக்குப் போய் தவணையை உயர்த்தச் சொல்லுங்கள். உயர்த்த மறுத்தாலும் கவலை இல்லை, வித்தியாசத் தொகையை மாதாமாதம் நீங்களாகக் கட்டினால் விளைவு ஏறக்குறைய அதேதான்.

காலநீட்டிப்பு கேட்கும்போது ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும், ஏனென்றால் கிளையில் இருப்பவர்களே பலமுறை இதைச் சரியாகச் சொல்வதில்லை. ஒரே காலநீட்டிப்பு இரண்டு விதமாகப் பதிவாகலாம். வட்டி விகிதம் மாறும்போது, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன்தாரர் தேர்ந்தெடுக்க வழி தர வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அந்த வழியில் எல்லாருக்கும் பொதுவாகத் தரப்படும் நீட்டிப்பு சாதாரண மாற்றம், உங்கள் பெயருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் "கட்ட முடியவில்லை" என்ற காரணத்துக்காக உங்கள் ஒருவருக்கு மட்டும் காலம் தளர்த்தப்பட்டால் அது ரீஸ்ட்ரக்சரிங் என்று வகைப்படும். சிபில் அறிக்கையில் அந்தச் சொல் ஏறும், கணக்கே வாராக்கடன் வகைக்கு இறக்கப்படவும் கூடும். அடுத்த சில வருஷத்துக்குப் புதுக்கடன் கேட்கும் இடமெல்லாம் அது குறுக்கே நிற்கும். அதற்காக உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. கடிதம் கொடுக்கும்போது "இந்த மாற்றம் ரீஸ்ட்ரக்சர்டு என்று கிரெடிட் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுமா" என்று எழுத்திலேயே கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஆம் என்றால் அவசியம் வரும்வரை அதைத் தள்ளிவையுங்கள். வட்டி குறைப்பதற்கான மனுவையும் காலநீட்டிப்பையும் ஒரே சமயத்தில், விகிதம் மாறும் மாதத்தில் கேட்பது சுலபமான வழி.

அப்புறம் வயசு. சம்பளக்காரர்களுக்குக் கடன் பல இடங்களில் 60 வயசுக்குள் முடிய வேண்டும், சில வங்கிகள் அதற்கு மேலும் விடும். உங்களுக்கு 39, எனவே 20 வருஷம் வரை பொதுவாகக் கிடைக்கும், 25 கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். கிடைக்காததில் வருத்தமில்லை, மேலே பார்த்த எண்களின்படி அந்த வருஷங்களில் லாபமும் இல்லை. கடனோடு ஒரு காப்பீடு எடுத்திருந்தால் அதன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த வகைக் காப்பீட்டில் கவர் தொகை பெரும்பாலும் பழைய கடன் அட்டவணைப்படி வருஷாவருஷம் குறைந்துகொண்டே வரும், பழைய காலத்தோடு முடிந்துவிடும். கடனை நீட்டினால் காப்பீடு தானாக நீளாது. பாக்கி அதிகம், கவர் குறைவு என்ற இடைவெளி குடும்பத்தின் தலையில் விழும். சாதாரண டெர்ம் பாலிசி தனியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

எதைச் செய்தாலும் ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்னால் செய்யுங்கள். தவணை தேதியில் பணம் இல்லையென்றால் உங்கள் வங்கியும் கடன் கொடுத்தவரும் தனித்தனியாகக் கட்டணம் பிடிப்பார்கள். அது போகட்டும். தவணை தவறிய கணக்குக்கு வங்கி படிப்படியாகக் குறி போடும்: பாக்கி நின்ற முதல் 30 நாள் எஸ்எம்ஏ-0, 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2, 90 தாண்டினால் என்பிஏ, அதாவது வாராக்கடன். 2025 ஜனவரியிலிருந்து கிரெடிட் நிறுவனங்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் போகிறது, முன்பு போல மாதக் கடைசிக்குள் சரிக்கட்டிவிடலாம் என்று இருக்க முடியாது. என் அனுபவத்தில் இதைவிட முக்கியமான மாற்றம் மேசைக்கு அந்தப் பக்கம் நடக்கும். ஒழுங்காக ஓடும் கணக்கோடு வருகிறவருக்கு வட்டிக் குறைப்பு, காலநீட்டிப்பு எல்லாம் ஒரு படிவத்தில் முடியும். இரண்டு தவணை தவறிவிட்டு வந்தால் அதே கோரிக்கை வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்திருப்பவரின் வேலையே வேறு.

உங்கள் துண்டு நிரந்தரமா, தற்காலிகமா என்பது எனக்கு இங்கிருந்து தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பர்சனல் லோன் எப்படியும் இரண்டு வருஷத்தில் முடியப்போகிறது. அதாவது உங்கள் 6,000-இல் 5,380-க்கு முடிவுத் தேதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு வருஷக் கஷ்டத்துக்கு இருபது வருஷ மருந்து வேண்டியதில்லை. அந்தக் கடனை இப்போதே முடித்து, வட்டியை 8-க்குக் கொண்டுவந்துவிட்டால் 620 ரூபாய்த் துண்டும் போய் மாதம் 780 ரூபாய் கையில் நிற்கும். வட்டி குறையவில்லை என்றாலும், மிச்ச எஃப்டி-யிலிருந்து வருஷத்துக்கு 7,500 ரூபாய் எடுத்தால் போதும். பிள்ளைகளின் படிப்போ மருத்துவமோ சேர்ந்து துண்டு மறுபடி 3,000-க்கு மேல் போனால், அதுவும் ஆறு மாதம் தொடர்ந்தால், அப்போது 20 வருஷ நீட்டிப்பைக் கேளுங்கள்.

நாளை கிளைக்குப் போவதாக இருந்தால் முதலில் கணக்கு அறிக்கை கேளுங்கள். இதுவரை பிடித்த அசல், வட்டி, இப்போதைய தவணை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, வட்டி விகிதம் எல்லாம் உள்ள அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கடிதம் எழுதுங்கள்: "என் வீட்டுக்கடனின் வட்டி விகிதத்தைத் தற்போது புது வாடிக்கையாளருக்குத் தரும் விகிதத்துக்கு மாற்றித் தரவும். அதனால் வரும் குறைப்பைக் காலத்தில் குறைக்காமல் மாதத் தவணையில் குறைக்கவும். மாற்றத்துக்குப் பிந்தைய தவணை அட்டவணையைத் தரவும்." நடுவில் இருக்கும் அந்த ஒரு வரிதான் அச்சகக்காரர் விஷயத்தில் இல்லாமல் போனது. இரண்டு நகல் எடுத்து ஒன்றில் தேதியோடு கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தவணை பிடித்ததும் தொகையைப் புது அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் எழுதிய காலத்தையும் மீதித் தவணைகளையும் இங்கே சொன்னால், காலம் ஏற்கெனவே நீட்டப்பட்டிருக்கிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.